டீக்கடைப் பலகையை யார் படிக்கிறார்கள்?

கோட்டையூர் வாசகர் (செப்டம்பர் 3)

காரைக்குடியில் மூன்று டீக்கடை நடத்தும் ஒருவர், தம் கடைப் பலகைகளையும் துண்டறிக்கைகளையும் திருத்துவதற்கென்றே ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரை அமர்த்தியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். டீ குடிக்க வருபவர் மாஸ்டரைப் பார்ப்பார், பேப்பரைப் பார்ப்பார், பேருந்து வருகிறதா என்று பார்ப்பார். பலகையைப் பார்க்கமாட்டார். ஒற்றுப்பிழையைத் திருத்துவதால் ஒரு டீ கூடுதலாக விற்காது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

தமிழாசிரியை (செப்டம்பர் 3, இரவு)

அந்த ஆசிரியை நான்தான். கடைக்காரர் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். புதிய பிளக்ஸ் பலகை அடிக்கக் கொடுப்பதற்கு முன் வாசகத்தைக் கொண்டுவந்து, "டீச்சர், பிழை இருந்தால் ஊர் சிரிக்கும், ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள்" என்று நின்றார். பலகைக்கு இவ்வளவு என்று பணம் பேசிக்கொண்டோம். மாணவனிடம் பணம் வாங்கலாமா என்று என் வீட்டில் கேட்டார்கள். வாங்கினால்தான் அவர் நான் சொல்வதைக் கேட்பார் என்று நினைத்து வாங்கினேன்.

அவர் கொண்டுவந்த வாசகம் இது: "வாருங்கள் வாருங்கள்! சுவையான சூடான தரமான டீ காபி சுக்குகாபி பால் வடை பஜ்ஜி பனியாரம் கிடைக்கும். சுத்தமான பசும்பால் மட்டுமே உபயோகிக்க படும். மாலை 4 மணி முதல் வெள்ளை பனியாரம். ஒருமுறை சுவைத்து பாருங்கள் மறுமுறை நீங்களே வருவீர்கள். அன்புடன் அழைக்கிறோம்."

பணியாரத்துக்கு உரிய 'ணி'யைப் போட்டேன், உபயோகிக்கப்படும் என்று சேர்த்தேன், சுவைத்துப் பாருங்கள் என்று ஒற்று இட்டேன், பெயர்களுக்கு இடையே காற்புள்ளி வைத்தேன். பழைய பேருந்து நிலையத்தருகே இருக்கும் கடையில் அந்தப் பலகை ஏறிவிட்டது. விற்பனை கூடுமா என்று என்னிடம் எவரும் கேட்கவில்லை, பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள். ஆனாலும் உங்கள் கேள்வியை நான் தள்ளிவிடப் போவதில்லை. பலகையில் எது மக்கள் மனத்தில் தங்குகிறது என்று கடைக்கே போய்க் கேட்டுப் பார்க்கிறேன்.

பலகை ஓவியர் (செப்டம்பர் 5)

பிளக்ஸ் வருவதற்கு முன் செக்காலைச் சாலையிலும் தேவகோட்டையிலும் சுவரும் தகரமும் எழுதி வாழ்ந்தவன் நான். எங்கள் தொழிலில் பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்று கணக்கு வைப்போம். சாலைக்கு அந்தப் பக்கம் முப்பதடியில் நிற்பவர் சிரமமில்லாமல் படிக்க எழுத்து மூன்று அங்குலமாவது இருக்க வேண்டும். 'ணி', 'ஞ', 'ஜ்ஜி' போன்ற வளைவு மிகுந்த எழுத்துகளுக்கு அதுவும் போதாது. டீச்சர் சொல்லும் வாசகம் முப்பது சொல்லைத் தாண்டுகிறது. ஆறடிக்கு மூன்றடிப் பலகையில் கடைப் பெயரும் டீ கிளாஸ் படமும் போக மிஞ்சும் இடத்தில் எழுத்து ஓர் அங்குலம்கூடத் தேறாது. அந்தப் பலகையை யாரும் படிக்கவில்லை என்றால் ஒற்றெழுத்தைக் குறை சொல்லாதீர்கள், இடத்தைக் குறை சொல்லுங்கள்.

தமிழாசிரியை (செப்டம்பர் 8)

ஓவியர் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு நாடாவோடு போய் அளந்தேன். பெரும்பாலான எழுத்துகள் முக்கால் அங்குலம். கடைக்குள்ளிருந்து படிக்கலாம் என்றாலும் கடைக்குள் வந்தவருக்கு "வாருங்கள் வாருங்கள்" தேவையில்லை.

பிறகு வாசலிலேயே நின்று, டீ குடித்துவிட்டு வெளியே வருபவர்களிடம் பலகையைப் பற்றிக் கேட்டேன். எல்லோரும் நன்றாகப் பதில் சொன்னார்கள். பசும்பால் என்று போட்டிருப்பதைப் பார்த்தீர்களா என்றால் பார்த்தோம் என்றார்கள், பணியாரம் என்று சரியாக எழுதியிருக்கிறதா என்றால் சரியாக இருக்கிறது என்றார்கள். கோட்டையூர் வாசகர் சொன்னதற்கு நேர்மாறாக, மக்கள் பலகையை வரிவரியாகப் படிக்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

நினைவாற்றல் பாடம் நடத்தியவர் (செப்டம்பர் 9)

அம்மா, உங்கள் முயற்சியை மதிக்கிறேன். ஆனால் இந்தப் பதில்களை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். கல்லூரியில் உளவியல் நடத்திய அனுபவத்தில் இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, "பசும்பால் என்று போட்டிருந்ததா" என்று கேட்கும்போது விடையை நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுகிறீர்கள். காட்டியதும் தெரிந்துகொள்வது ஒருவகை நினைவு, ஒன்றும் காட்டாமல் தானாக எடுத்துச் சொல்வது வேறுவகை. முதலாவது எளிது, அதில் ஊகமும் கலந்துவிடும். அமெரிக்காவில் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இருவர் 1979-இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. அன்றாடம் கையில் புழங்கும் ஒரு சென்ட் நாணயத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னபோது பெரும்பாலோரால் சரியாக வரைய முடியவில்லை. நாணயத்தைச் செலவழிக்க அதன் நிறமும் அளவும் போதும், எழுத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்பது யாருக்கும் வேண்டியதில்லை. உங்கள் பலகையும் அப்படித்தான் இருக்கும்.

இரண்டு, உங்கள் ஊரில் பாதிப்பேர் உங்களிடம் படித்தவர்களாக இருப்பார்கள். டீச்சர் கேட்டால் "பார்க்கவில்லை" என்று யார் சொல்வார்கள்? உங்களை அறியாத ஒருவர் கேட்கட்டும். பலகை தெரியாத பக்கத்தில் நின்று கேட்கட்டும். முதலில் "என்ன எழுதியிருக்கிறது" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருக்கட்டும். அதன் பிறகு சில வரிகளைச் சொல்லி இருந்ததா என்று கேட்கும்போது, பலகையில் இல்லாத வரி ஒன்றையும் நடுவில் சேர்க்கட்டும். அந்தப் பொய் வரிக்கு எத்தனை பேர் ஆமாம் என்கிறார்களோ, அதை வைத்து மற்ற ஆமாம்களை எடைபோடலாம்.

தேவகோட்டைத் தந்தை (செப்டம்பர் 10)

டீச்சருக்கு வணக்கம். என் மகள் திருமணம் தை மாதம். பத்திரிகை வாசகத்தில் "நிகழும் மங்களகரமான" என்பதில் பிழை உண்டா என்று பார்த்துத் தருவீர்களா? கட்டணம் எவ்வளவு என்றும் சொல்லுங்கள்.

தமிழாசிரியை (செப்டம்பர் 11)

தேவகோட்டை ஐயா, அனுப்பி வையுங்கள், கல்யாணக் காரியத்துக்குப் பணம் வேண்டாம். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பத்திரிகையைக் கையில் வாங்குபவர் தேடுவது கிழமை, முகூர்த்த நேரம், மண்டபம் ஆகிய மூன்றைத்தான். அவற்றைப் பூப்போட்ட எழுத்தில் ஒளித்துவிடாதீர்கள்.

உளவியல் ஐயா சொன்னது எனக்கு முதலில் வருத்தமாக இருந்தது. இரவு யோசித்தபோது, வகுப்பில் "புரிந்ததா" என்று கேட்டால் நாற்பது பிள்ளைகளும் "புரிந்தது டீச்சர்" என்று ஒரே குரலில் சொல்வார்கள் என்பது ஞாபகத்துக்கு வந்தது. தேர்வு வைத்தால்தான் உண்மை தெரியும். என் தங்கை மகன் வெளியூரிலிருந்து வந்து அழகப்பாவில் படிக்கிறான், கடைப்பக்கம் அவனை யாருக்கும் தெரியாது. வண்டி நிறுத்தும் இடத்தில் அவன் நின்று கேட்பான்.

தமிழாசிரியை (செப்டம்பர் 21)

முதல் தொகுதிப் பதில்கள் வந்துவிட்டன. ஒன்றும் எடுத்துக் கொடுக்காமல் கேட்டபோது, சுவையான, சூடான, தரமான என்ற மூன்றையும் ஒருவரும் சொல்லவில்லை. பசும்பாலை ஒருவரும் சொல்லவில்லை. "மறுமுறை நீங்களே வருவீர்கள்" என்ற வரியை, மறுமுறை மட்டுமன்று, தினமும் வருகிறவர்கள்கூடச் சொல்லவில்லை. "டீ, காபின்னு போட்டிருப்பாங்க" என்றார்கள். போட்டிருக்கிறது என்று சொல்லாமல் போட்டிருப்பாங்க என்றதைப் பையன் அப்படியே எழுதி வந்திருக்கிறான். பார்த்ததைச் சொல்லும் பேச்சாக அது இல்லை, டீக்கடைப் பலகை என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற ஊகமாக இருக்கிறது.

பொய் வரியாக "சில்லறை தந்து உதவவும்" என்பதைச் சேர்த்திருந்தோம். அந்தக் கடையில் எங்குமே அப்படி எழுதியிருக்கவில்லை. பலரும் தயக்கமின்றி ஆமாம் என்றார்கள், கல்லாவுக்கு மேலே இருக்கிறது என்று இடம் சொன்னவரும் உண்டு. ஊரில் உள்ள அத்தனை கடைகளிலும் தொங்கும் வாசகம் இந்தக் கடையிலும் இருப்பதாக மனம் தானே எழுதிக்கொள்கிறது. பசும்பால் வரிக்குக் கிடைத்த ஆமாம்களும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆகவே அந்த வரி அங்கே இருப்பதும் இல்லாததும் ஒன்று.

தானாக வந்த ஒரே வரி, "நாலு மணிக்குப் பணியாரம்."

கோட்டையூர் வாசகர் (செப்டம்பர் 21)

அப்படியானால் நான் சொன்னது சரிதானே? மக்கள் பலகையைப் படிப்பதில்லை.

தமிழாசிரியை (செப்டம்பர் 22)

பாதி சரி. படிக்காதவர்கள் நாலு மணியை எங்கிருந்து பெற்றார்கள்?

விளம்பரத் துறையில் இருப்பவர் (செப்டம்பர் 24)

மதுரையில் கடைகளுக்கு விளம்பரம் செய்து கொடுக்கிறேன். மாறுபட்டது மனத்தில் நிற்கும் என்பது எங்கள் பாலபாடம். டீச்சர் 'பனியாரம்' என்ற பிழையைத் திருத்தியதே நஷ்டம். பிழை கண்ணை உறுத்தும், உறுத்துவது நினைவில் நிற்கும், நாலு பேர் படமெடுத்துப் பகிர்வார்கள். செலவில்லாத விளம்பரம். மீண்டும் பிழையோடு போடச் சொல்லுங்கள்.

தமிழாசிரியை (செப்டம்பர் 26)

மாறுபட்டது நிற்கும் என்பதை ஏற்கிறேன். எது நிற்கிறது என்பதுதான் கேள்வி. செக்காலையில் உள்ள இரண்டாவது கடையில் பழைய பிழைப்பலகை இன்னும் மாறவில்லை என்பதால் அங்கேயும் பையனைக் கேட்க வைத்தேன். பிழையை நினைவு வைத்திருந்தவர்கள் மிகச் சிலர், அச்சகத்தில் வேலை செய்பவர் ஒருவர், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் சிலர். அந்தக் கடையில் பணியாரம் எத்தனை மணிக்கு என்று அவர்களைக் கேட்டபோது தெரியவில்லை, அவர்கள் அதை வாங்கித் தின்றதுமில்லை. நினைவில் நின்றது பிழை, பலகாரம் நிற்கவில்லை. என் மாணவரின் கடை எழுத்துத் தெரியாத கடை என்று நினைக்கப்படுவதற்கு நான் ஒப்பமாட்டேன்.

கடைக்காரர் (செப்டம்பர் 29)

டீச்சரம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். நாலு மணி என்பது விளம்பரத்துக்காக யோசித்த வரி அன்று. வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியை உழக்கில் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாக எவ்வளவு நிற்குமோ அவ்வளவு வைப்போம். உளுந்து அதற்கு மேல் போனால் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் விறைத்துவிடும். ஊறவைத்து வெண்ணெய் போல அரைத்து, உப்பும் கொஞ்சம் பாலும் சேர்த்து, உடனே எண்ணெயில் ஒவ்வொரு கரண்டியாக ஊற்ற வேண்டும். இட்லி மாவு போல வைத்திருந்து புளிக்கவிட்டால் வெள்ளை நிறமும் வராது, ஓரமும் விரியாது. அதனால் மூன்றரைக்கு அரைத்து நாலு மணிக்கு ஊற்ற ஆரம்பித்தால், அந்த மாவு தீரும் வரைதான் வியாபாரம். முகூர்த்த நாள் என்றால் ஐந்துக்கே தீரும், மழை நாளில் ஆறரை வரை இருக்கும். "எப்போது தீரும்" என்று கேட்டுக் கேட்டு மாஸ்டருக்கு அலுத்துப் போய்த்தான் நேரத்தை எழுதச் சொன்னார்.

தமிழாசிரியை (செப்டம்பர் 30)

நான் தேடிக்கொண்டிருந்தது இந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. மற்ற வரிகளெல்லாம் கடைக்காரர் சொல்ல விரும்பியவை. இந்த ஒரு வரி வாடிக்கையாளர் ஏற்கனவே கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு விடை. கல்லூரி விட்டு வருகிறவருக்கும், நூற்பாலை வேலை முடிந்து போகிறவருக்கும் நாலு மணி என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டு செய்ய ஒரு காரியம் இருக்கிறது. 'தரமான' என்ற சொல்லை நினைவு வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

இன்னொன்றும் கவனித்தேன். அண்மையில் விலை இரண்டு ரூபாய் ஏறியதைத் துல்லியமாகச் சொல்லாத ஆள் இல்லை, அது பலகையில் எழுதப்படவே இல்லை என்றபோதும்.

எனவே புதிய வாசகம் எழுதிக் கொடுத்துவிட்டேன். கடைப் பெயர், அதன்கீழ் "மாலை 4 மணி முதல் வெள்ளைப் பணியாரம்" என்று மட்டும். ஓவியர் ஐயா கணக்குப்படி எழுத்து நான்கு அங்குலத்துக்குக் குறையாது. எத்தனையோ ஆண்டுகள் கட்டுரைகளைத் திருத்திய எனக்கு, பிழையே இல்லாத வரிகளை அடிப்பது கை நடுங்கும் வேலையாக இருந்தது. "அன்புடன் அழைக்கிறோம்" என்பதை அடிப்பதற்குக் கடைக்காரர் லேசில் சம்மதிக்கவில்லை. அது அவருடைய அப்பா சொன்ன வாசகம். அதைப் பலகையிலிருந்து எடுத்துக் கல்லாவுக்கு எதிரே, பணம் கொடுக்கிறவர் பார்க்கும்படி சிறியதாக எழுதச் சொன்னேன்.

தமிழாசிரியை (அக்டோபர் 2)

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். எப்போது தொடங்கும் என்பது தெரிந்துவிட்டது, தீர்ந்துவிட்டதா என்பது தெரியவில்லை. அது நாளுக்கு நாள் மாறுவதால் பிளக்ஸில் அடிக்க முடியாது. பள்ளிக்கூடத்துச் சிலேட்டு ஒன்றை வாங்கி, ஒரு பக்கம் "பணியாரம் இருக்கிறது" என்றும் மறுபக்கம் "தீர்ந்தது, நாளை 4 மணி" என்றும் வெள்ளைப் பெயின்டில் எழுதி, சாலையிலிருந்து தெரியும்படி பந்தல் காலில் ஒற்றைக் கொக்கியில் மாட்டியிருக்கிறோம். கடைசிக் கரண்டி மாவை ஊற்றியதும் மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு போய்த் திருப்பி மாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

நினைவாற்றல் பாடம் நடத்தியவர் (அக்டோபர் 4)

நல்ல யோசனை. ஒரே இடத்தில் மாறாமல் இருப்பதைக் கண் சில நாளில் விட்டுவிடும், மாறக்கூடியது என்று தெரிந்தால் திரும்பத் திரும்பப் பார்க்கும். பையன் கேள்வியை டீ குடித்த உடனே கேட்பதோடு நிறுத்தாமல், அடுத்த நாளும் அதே ஆட்களிடம் கேட்கச் சொல்லுங்கள். படித்தது முதல் ஒருநாளுக்குள்தான் வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-இலேயே தம்மைத்தாமே சோதித்து எழுதிவிட்டார். வாசலைத் தாண்டியதும் நினைவிருப்பது கடைக்காரருக்கு உதவாது, மறுநாள் மூன்றே முக்காலுக்கு நினைவிருந்தால்தான் உதவும்.

கண்டனூர் மருமகள் (அக்டோபர் 19)

அந்தச் சிலேட்டைப் பற்றி நானும் எழுத வேண்டும். எங்கள் மாமனாருக்கு அந்தக் கடைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் என்றால் உயிர். வெள்ளிக்கிழமை கொப்புடையம்மன் கோயிலுக்கு வந்தவள், ஆட்டோவிலிருந்தே சிலேட்டைப் பார்த்தேன், "இருக்கிறது" என்றது. ஆட்டோவை அனுப்பிவிட்டுத் தூக்குவாளியோடு போய் நின்றால், அரைமணி நேரம் முன்பே தீர்ந்துவிட்டதாம். மாஸ்டர் திருப்ப மறந்துவிட்டார். கடையில் பெண்கள் உட்கார இடமில்லை, வேறு ஆட்டோ கிடைக்கும்வரை சாலையில் நின்றேன். முன்பெல்லாம் சிலேட்டு இல்லை, கேட்டுவிட்டுப் போவோம், இல்லையென்றால் வருத்தமும் இல்லை. இப்போது எழுதிவைத்து ஏமாற்றியதாகத் தோன்றுகிறது. இனி அதை நம்பமாட்டேன்.

தமிழாசிரியை (அக்டோபர் 20)

அம்மா, உங்கள் வருத்தத்தைக் கடைக்காரரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். உங்கள் குறிப்பிலிருந்து இரண்டு விஷயங்கள் எனக்குத் தெரிந்தன. நாங்கள் கேட்டதெல்லாம் கடைக்குள் நின்று குடித்த ஆண்களிடம். பிளாஸ்க்கிலும் தூக்குவாளியிலும் வாங்கிப் போகிறவர்கள், ஆட்டோவில் அமர்ந்தபடி பையனை அனுப்பும் பெண்கள் ஆகியோரை ஒருவரும் கேட்கவில்லை. தூரத்திலிருந்து பலகையை நம்பி முடிவெடுப்பவர்கள் அவர்கள்தான். உள்ளே இருப்பவர் வாயால் கேட்டுக்கொள்ளலாம்.

மற்றொன்று, கிழமை, கோயில், ஆட்டோ, வாளி என்று நீங்கள் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறீர்கள். பணியாரம் கிடைத்த நாள்களை யாரும் எங்களிடம் இப்படிச் சொன்னதில்லை.

கடைக்காரர் (அக்டோபர் 23)

மாஸ்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. கடைசிக் கரண்டி ஊற்றும் நேரத்தில்தான் பாய்லர் பக்கம் பத்துப் பேர் கிளாஸுக்கு நிற்பார்கள். இப்போது ஏற்பாட்டை மாற்றிவிட்டேன். மாவுப் பாத்திரத்தில் நாலில் ஒரு பங்கு இருக்கும்போதே சிலேட்டைத் "தீர்ந்தது" பக்கம் திருப்பிவிட வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்கும் அதற்குமுன் கிளம்பி வந்தவர்களுக்கும் அந்த மாவு போதும். இதனால் சில நாள் கொஞ்சம் மாவு மிஞ்சுகிறது. அதைக் கடைப் பையன்களுக்கே ஊற்றிக் கொடுத்துவிடுகிறோம்.

விளம்பரத் துறையில் இருப்பவர் (அக்டோபர் 24)

இருக்கும் சரக்கை இல்லை என்று எழுதுவதா? வியாபாரத்துக்கு விரோதம்.

கண்டனூர் மருமகள் (அக்டோபர் 24)

இல்லாததை இருக்கிறது என்று எழுதுவதைவிட மேல், ஐயா.

தமிழாசிரியை (நவம்பர் 16)

பேருந்து நிலையக் கடையில் முன்பு ஆறு உழக்கு அரிசி அரைத்த இடத்தில் இப்போது எட்டு உழக்கு அரைக்கிறார்கள். பணக்கணக்கைக் கேட்பது எனக்குப் பொருத்தமாக இல்லாததால் அரிசிக் கணக்கைக் கேட்கிறேன். ஐப்பசி முழுக்க மழை, இருந்தும் மாவு தீர்கிறது. மறுநாள் கேட்டபோதும் நேரத்தைச் சொன்னவர்கள் குறையவில்லை. சிலேட்டின் வாசகத்தை வார்த்தையாகச் சொன்னவர் இல்லை. "எழுத்தே பார்க்க மாட்டேன், திரும்பியிருக்கான்னுதான் பார்ப்பேன்" என்றார் ஒருவர். 'தீர்ந்தது' பக்கத்தில் ஓவியர் ஐயா யோசனைப்படி சிவப்புக் கரை தீட்டியிருக்கிறோம், அவர் பார்ப்பது அந்தக் கரையை.

நினைவாற்றல் பாடம் நடத்தியவர் (நவம்பர் 17)

மகிழ்ச்சி. இருந்தாலும் எட்டு உழக்கைப் பலகையின் கணக்கில் எழுத அவசரப்படாதீர்கள். மழைக்காலத்தில் சூடான பலகாரம் எங்கும் கூடுதலாகத்தான் போகும். செக்காலைக் கடையில் சிலேட்டு இல்லை அல்லவா? அங்கே அரிசி எவ்வளவு கூடியிருக்கிறது? அங்கும் இதே அளவு கூடியிருந்தால் காரணம் மழை. கூடாவிட்டாலும் ஒரு மாதம் சிலேட்டை இங்கிருந்து எடுத்து அங்கே மாட்டிப் பாருங்கள்.

தமிழாசிரியை (நவம்பர் 18)

செக்காலைக் கடையில் நான்கிலிருந்து ஐந்து உழக்கு ஆகியிருக்கிறது. ஆகவே மழைக்கும் ஒரு பங்கு உண்டு. சிலேட்டை எடுக்கக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை, கண்டனூர் அம்மாவைப் போன்றவர்கள் பழகிவிட்டார்கள், திடீரென்று எடுத்தால் அதுவே ஏமாற்றம் என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. செக்காலைக் கடைக்கு இன்னொரு சிலேட்டு மாட்டுவது என்று முடிவு. ஐயாவுக்கு வேண்டிய தெளிவு இதில் முழுமையாகக் கிடைக்காது.

தமிழாசிரியை (டிசம்பர் 12)

செக்காலைக் கடையில் வேறொரு விவாதம் எழுந்துவிட்டது. அங்கே கடைக்காரரின் அப்பா காலத்துத் தகரப் பலகை ஒன்று இருக்கிறது. "காலை 5 மணி முதல் மாலை 8 மணி வரை" என்று எனாமல் பெயின்டில் எழுதியது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது என்பதால் காலையிலும் மாலையிலும் உள்ள லகர ஐகாரம் இரண்டும் துதிக்கை தூக்கிய பழைய வடிவில் இருக்கின்றன. அதைக் கழற்றிவிட்டுப் புதிய எழுத்தில் பிளக்ஸ் போடலாமா, பழைய எழுத்தை இன்றைய பிள்ளைகள் பிழை என்று நினைப்பார்களே என்று என்னைக் கேட்டார்.

இம்முறை திருத்துவதற்கு முன் கேட்டோம். நேரம் என்ன எழுதியிருக்கிறது என்ற கேள்விக்கு ஒருவருக்கும் விடை தெரியவில்லை, அந்தக் கடை இப்போது இரவு பத்து வரை திறந்திருப்பதால் அந்த நேரம் யாருக்கும் பயன்படுவதுமில்லை. ஆனால் பழைய வாடிக்கையாளர் ஒருவர், கையில் கிளாஸோடு நின்றவர், ஈரமான மேசையில் விரலால் அந்தத் துதிக்கையை வரைந்து, "இந்த எழுத்து இருக்கிற கடை" என்றார். மற்றொருவர் தம் பேரனுக்கு அடையாளம் சொல்லி அனுப்புவதும் அதைத்தானாம். நாணயத்தைப் பற்றி உளவியல் ஐயா எழுதியது அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

பலகை ஓவியர் (டிசம்பர் 13)

கழற்ற வேண்டாம் டீச்சர். அந்த வடிவம் பிளக்ஸ்காரர் கணினியில் இருப்பது அரிது. தகரத்தின் ஓரம் துருப்பிடித்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்துத் தருகிறேன். எழுத்துமேல் தூரிகை படாது.

கோட்டையூர் வாசகர் (டிசம்பர் 13)

நேரம் தவறாக இருக்கும் பலகையைத் தமிழாசிரியை விட்டுவைப்பதா? எட்டு மணிக்கு மூடிவிடுவார்கள் என்று எவரேனும் திரும்பிப் போனால்?

தமிழாசிரியை (டிசம்பர் 15)

நியாயமான கேள்வி. பழைய எழுத்து பிழையன்று, ஆகவே அதைத் தொடமாட்டேன். நேரம் பழையது, அதை யாரும் படிப்பதில்லை என்பதற்காகத் தவறாகவே விட்டுவைக்கவும் எனக்கு மனமில்லை. தகரத்துக்கு அடியில் "இப்போது இரவு 10 வரை" என்று ஒரு சிறு பலகை தனியாகத் தொங்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். மேலே இருப்பது அடையாளம், கீழே இருப்பது தகவல்.

தமிழாசிரியை (ஜனவரி 18)

மூன்றாவது கடை குன்றக்குடிச் சாலையில் இருக்கிறது. தைப்பூசத்துக்குக் காவடியோடு நடந்து போகிறவர்கள் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்குப் போவதால் அந்தச் சாலை இனி இரவெல்லாம் விழித்திருக்கும். அங்கே வருகிறவர் மறுநாள் வரப்போவதில்லை, அடுத்த தையில்தான் வருவார். நாலு மணிப் பணியாரம் அவருக்கு எதற்கு?

கடைக்காரர் சென்ற ஆண்டின் வாசகத்தைக் காட்டினார். "பாதயாத்திரை பக்தர்களை வருக வருக என வரவேற்கிறோம்" என்று அவர் படத்தோடு இருந்தது. அதை வைத்துவிட்டு, நடந்து போனவர்கள் கடையில் என்ன கேட்டார்கள் என்று மாஸ்டரை விசாரித்தேன். வெந்நீர் கிடைக்குமா, கால் நீட்ட இடம் இருக்கிறதா, பெண்கள் போக இடம் உண்டா, குன்றக்குடி இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார்களாம். டீ இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை, அது கண்ணுக்குத் தெரிகிறது.

கண்டனூர் மருமகள் (ஜனவரி 19)

நானும் நடந்திருக்கிறேன். பெண்களுக்கு இடம் உண்டு என்பதைக் கடைக்குள் எழுதாதீர்கள். கடைக்கு நூறடி முன்பே எழுதுங்கள். ஆண்கள் நிற்கும் டீக்கடைக்குள் வந்து கேட்கக் கூச்சப்பட்டுத்தான் பலர் பேசாமல் நடந்துவிடுகிறார்கள்.

தமிழாசிரியை (ஜனவரி 21)

அப்படியே செய்கிறோம். கடையின் பின்கட்டில் உள்ள கழிப்பறைக்கு விளக்கும் தாழ்ப்பாளும் சரிசெய்யும்வரை அந்த வரியை எழுதக்கூடாது என்று கடைக்காரரிடம் நிபந்தனை போட்டேன். இன்று போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன், சரியாக விழுகிறது. நூறடி முன்னால் நடப்படும் பலகையில், டார்ச் வெளிச்சத்தில் தெரியும்படி வெள்ளையில் கறுப்பாக, "வெந்நீர். உட்கார இடம். பெண்களுக்குக் கழிப்பறை. இரவு முழுதும்" என்று இருக்கும். மலைக்கோயில் எத்தனை கிலோமீட்டர் என்பதை வண்டியோட்டி அளந்து வரச் சொல்லியிருக்கிறேன், அது வந்ததும் கடைசி வரியாகச் சேரும்.

கோட்டையூர் ஐயா, நடப்பவர்களிடம் பையனால் கேள்வி கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. இந்தப் பலகை வேலை செய்ததா என்பதை வேறு எப்படித் தெரிந்துகொள்ளலாம்?

கோட்டையூர் வாசகர் (ஜனவரி 22)

வெந்நீர் எத்தனை பாய்லர் போனது என்று எண்ணச் சொல்லுங்கள். நான் அந்தச் சாலையில்தான் வேலைக்குப் போய்வருகிறேன், இரண்டு இரவு நானே நின்று எண்ணித் தருகிறேன்.